எத்தனை மார்க் குறைவு?

பாக் முடிவு வரும் நாட்களில் எங்கள் தெருவில் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "எத்தனை மார்க் குறைவு?" கேட்பவர்கள் அக்கறையோடுதான் கேட்கிறார்கள். ஆனால் கேள்வி சரியில்லை. பாக் தேர்வில் மார்க் குறைவதில்லை, புள்ளிதான் குறைகிறது. இந்த வித்தியாசம் தெரியாத வீட்டில், பத்துக்கு அரை மார்க் குறைந்து நிற்கும் பிள்ளையைத் தவறான பாடத்தில் கொண்டுபோய் உட்கார வைத்துவிடுகிறார்கள். சில வருடங்களாகவே அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் தாளும் பேனாவுமாக என்னிடம் வருவதால், இதைப்பற்றி என் கருத்தை ஒருமுறை முழுதாக எழுதி வைக்கிறேன்.

பிரெஞ்சில் படிக்காத நண்பர்களுக்காக முதலில் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு பாடத்துக்கும் 20-க்கு மார்க். ஒவ்வொரு பாடத்துக்கும் 'கோயெஃபிசியான்' என்று ஒரு எண் உண்டு. இங்கே அதை எடை என்று சொல்கிறேன். மார்க்கை எடையால் பெருக்கினால் புள்ளி. எல்லாப் புள்ளிகளையும் கூட்டி, எடைகளின் கூட்டுத்தொகையால் வகுத்தால் சராசரி. பொதுப் பிரிவில் இப்போது எடைகளின் கூட்டுத்தொகை சரியாக 100. ஆகையால் 1000 புள்ளி என்றால் சராசரி 10, தேர்ச்சி. 1200 புள்ளிக்கு அஸே பியான், 1400-க்கு பியான், 1600-க்கு த்ரே பியான். இந்தத் தகுதிச் சொற்களுக்குத்தான் 'மான்சியோன்' என்று பெயர். எங்கள் காலத்திலும் 12, 14, 16 என்ற இந்த மூன்று படிகள்தான். எடைகள்தான் மாறிக்கொண்டே வந்தன.

2021-இல் வந்த சீர்திருத்தத்துக்குப் பிறகு, 100-இல் 60 எடை தேர்வுக்கு, 40 எடை இரண்டு வருட வகுப்பு மதிப்பெண்களுக்கு. தேர்வுக்கான 60 எப்படிப் பிரிகிறது என்றால், மாணவர் தேர்ந்தெடுத்த இரண்டு சிறப்புப் பாடங்களுக்குத் தலா 16, தத்துவத்துக்கு 8, கிராந்தோரால் என்னும் வாய்மொழித் தேர்வுக்கு 10, ஒரு வருடம் முன்பே எழுதி முடித்த பிரெஞ்சுக்கு எழுத்தில் 5, வாய்மொழியில் 5. வகுப்பு மதிப்பெண்ணில் வரலாறு-புவியியல், இரண்டு மொழிகள், அறிவியல், உடற்பயிற்சி ஐந்துக்கும் தலா 6. குடிமைப் பாடத்துக்கு 2. பிரமியேர் வகுப்பு முடிவில் விட்டுவிட்ட மூன்றாவது சிறப்புப் பாடத்துக்கு 8.

இதை ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் போதும். கணிதத்தில் ஒரு மார்க் என்பது 16 புள்ளி, தத்துவத்தில் ஒரு மார்க் என்பது 8 புள்ளி, பிரெஞ்சு எழுத்தில் ஒரு மார்க் என்பது 5 புள்ளி என்பது கண்ணில் படும்.

இனி 'ரத்ரபாஜ்' என்னும் இரண்டாம் சுற்று. சராசரி 8-க்குக் குறைந்தால் தோல்வி, 10 வந்தால் தேர்ச்சி. இரண்டுக்கும் நடுவில் நிற்பவர்களுக்கு ஒரு வாய்ப்பு கொடுக்கிறார்கள். எழுத்துத் தேர்வு நடந்த பாடங்களில், அதாவது பிரெஞ்சு, தத்துவம், இரண்டு சிறப்புப் பாடங்கள் ஆகிய நான்கில், அதிகபட்சம் இரண்டைத் தேர்ந்தெடுத்து வாய்மொழியாக மறுபடி சொல்லலாம். தயாரிக்க 20 நிமிடம், சொல்ல 20 நிமிடம். பழைய மார்க், புதிய மார்க் இரண்டில் எது அதிகமோ அதுதான் கணக்கில் சேரும். குறைந்தால் நஷ்டம் இல்லை. எந்த இரண்டு பாடம் என்பதை முடிவு வந்த கையோடு சொல்லியாக வேண்டும். வீட்டில் அழுகையும் ஆறுதலுமாக இருக்கும் அந்தச் சில மணி நேரத்தில்தான் இந்த முடிவை எடுக்கிறார்கள். பாதித் தவறுகள் அதனால் வருகின்றன.

எங்கள் எதிர்வீட்டுப் பையனின் கணக்கைச் சொன்னால் இன்னும் தெளிவாகும். மார்க்குகளை முழு எண்களாக்கியிருக்கிறேன், சிலவற்றைச் சற்று மாற்றியும் இருக்கிறேன். அவன் சிறப்புப் பாடங்கள் கணிதமும் இயற்பியல்-வேதியியலும். கணிதத்தில் 6, இயற்பியலில் 8, தத்துவத்தில் 6, கிராந்தோராலில் 12, பிரெஞ்சு எழுத்தில் 7, வாய்மொழியில் 11. பெருக்கிக் கூட்டினால் 96, 128, 48, 120, 35, 55, ஆக 482. வகுப்பு மதிப்பெண்கள் அவனைக் காப்பாற்றி வைத்திருந்தன. இரண்டாம் மொழியாகத் தமிழ் எடுத்திருந்தான், அதில் 15. ஆங்கிலத்தில் 14. அந்தப் பகுதியில் மொத்தம் 468. ஆக 950, சராசரி 9.50. தேவை 50 புள்ளி.

அவன் அப்பா வாசலிலேயே முடிவோடு நின்றார். "கணக்கும் பிசிக்ஸும்தான் சார். ரெண்டுக்கும் 16. ரெண்டுலயும் ரெண்டு ரெண்டு மார்க் ஏத்தினா 64. முடிஞ்சுது." கணக்கில் தவறில்லை. ரெண்டு மார்க் வீதம் நான்கு மார்க்தான், மிகக் குறைந்த எண்ணிக்கை. ஆனால் இயற்பியலில் மூன்று, தத்துவத்தில் ஒன்று என்றாலும் அதே நான்கு மார்க்தான். 48-ம் 8-ம் சேர்ந்து 56, போதும். இயற்பியலில் மூன்று, பிரெஞ்சில் ஒன்று என்றாலும் 53, போதும். பிரெஞ்சும் தத்துவமும் மட்டும் என்றால் ஏழு மார்க் ஏற்ற வேண்டும், அதை ஒதுக்கிவிடலாம். ஆக, நான்கு மார்க்கில் கரை சேர வழி ஒன்றல்ல, பல. அவற்றில் எது மலிவு என்பதை மார்க்கின் எண்ணிக்கை சொல்லாது. ஒரு மார்க்கை ஏற்ற இந்தப் பையனுக்கு என்ன செலவாகும் என்பதுதான் கேள்வி. கணிதத்தில் 6-லிருந்து 8-க்கு ஏறுவதும் தத்துவத்தில் 6-லிருந்து 8-க்கு ஏறுவதும் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே ஏற்றம் இல்லை.

அந்தச் செலவை எப்படி அளப்பது? நான் பார்ப்பது பள்ளி லிவ்ரே. மூன்று பருவங்களிலும் ஆசிரியர் போட்ட மார்க் அதில் இருக்கிறது. தேர்வில் வாங்கியது ஒரு நாள் மார்க். வருடச் சராசரி அந்தப் பையனின் வழக்கமான மார்க். இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் சுலபமாக எடுக்கக்கூடியது. வழக்கமாக வாங்குவதை மீண்டும் வாங்க அதிசயம் எதுவும் தேவையில்லை. அதற்கு மேல் ஏறத்தான் அதிசயம் வேண்டும், அதைச் சில நாட்களில் செய்ய முடியாது.

லிவ்ரேயைக் கொண்டுவரச் சொன்னேன். கணிதத்தில் வருடச் சராசரி 7, இடைவெளி 1. இயற்பியலில் சராசரி 11, இடைவெளி 3. தத்துவத்தில் சராசரி 10, இடைவெளி 4. பிரெஞ்சு எழுத்தில் போன வருடச் சராசரி 9, இடைவெளி 2. இடைவெளியை எடையால் பெருக்கினால் கணிதம் 16 புள்ளி, இயற்பியல் 48, தத்துவம் 32, பிரெஞ்சு 10. இந்த நான்கில் பெரிய இரண்டை எடுக்க வேண்டும், அவ்வளவுதான். கணிதத்தின் எடை தத்துவத்தைப்போல இரண்டு மடங்கு. ஆனாலும் இந்தப் பையன் தத்துவத்தில் எடுக்கக்கூடியது கணிதத்தில் எடுக்கக்கூடியதைப்போல இரண்டு மடங்கு. வேறு பையனுக்கு இது தலைகீழாகவும் இருக்கும்.

அப்பா விடவில்லை. "கணக்கையும் பிசிக்ஸையும் எடுத்தாலும் 16-ம் 48-ம் 64 ஆகுதே, போதுமே?" என்றார். போதும்தான், எல்லாம் நினைத்தபடி நடந்தால். நினைத்தபடி நடக்காவிட்டால் என்ன ஆகும் என்றும் பார்க்க வேண்டும். இயற்பியலில் 11-க்குப் பதில் 10 வந்தது என்று வைத்துக்கொள்வோம். அங்கே 32, கணிதத்தில் 16, ஆக 48. இரண்டு புள்ளியில் போயிற்று. தத்துவத்தோடு சேர்த்திருந்தால் 32-ம் 32-ம் 64. ஒரு மார்க் சறுக்கினாலும் கரையேறிவிடலாம். தத்துவத்தையும் சேர்த்த பிறகு இயற்பியல் 9-லேயே நின்றால் அங்கும் 48-தான். ஆனால் அதற்கு இரண்டு மார்க் சறுக்க வேண்டும். எவ்வளவு சறுக்கலைத் தாங்கும் என்பதும் மலிவில் ஒரு பகுதி. ஓட்டை வீட்டை மலிவாக வாங்கிவிட்டு ஓடு மாற்றுகிறவனின் கதையாக ஆகக்கூடாது.

தத்துவத்தில் ஏன் 6 வந்தது என்றும் பையனைக் கேட்டேன். "கேள்விய வேற மாதிரி புரிஞ்சிக்கிட்டு எழுதிட்டேன் தாத்தா. வெளியில வந்து பசங்ககிட்ட பேசுனப்பதான் தெரிஞ்சுது." இது மிக நல்ல செய்தி. கேள்வியைத் தவறாகப் படித்து வாங்கிய 6 வேறு, பாடமே தெரியாமல் வாங்கிய 6 வேறு. முதல் வகை ஒரு நாள் விபத்து. இரண்டாம் சுற்றில் தத்துவம் என்றால் வகுப்பில் படித்த நூலிலிருந்து ஒரு பகுதியைக் கொடுத்து விளக்கச் சொல்வார்கள். எந்த நூல் என்பது பையனுக்கு முன்பே தெரியும். அங்கே கேள்வியைத் தவறாகப் படிக்க அவ்வளவாக இடமில்லை. கணிதத்திலோ பாடத்தின் வெவ்வேறு பகுதிகளிலிருந்து கேள்வி வரும். நிகழ்தகவு தெரியும், வெளி வடிவியல் தெரியாது என்கிற பிள்ளைக்குப் பாதித் தாள் இருட்டு. "கணக்குல எதுடா தெரியல?" என்று கேட்டேன். அவன் சொன்ன பட்டியல் நீளமாக இருந்தது.

பையன் இயற்பியலும் தத்துவமும் எடுத்தான். அப்பா முயலுக்கு மூன்றே கால் என்று கடைசிவரை நின்றார், பாட்டிதான் மகனை அடக்கினார். இயற்பியலில் 10 வந்தது, தத்துவத்தில் 11. 32-ம் 40-ம் சேர்ந்து 72. 1022 புள்ளி, சராசரி 10.22. இதே இயற்பியல் மார்க்கோடு கணிதத்தை எடுத்திருந்தால் அங்கே 8 வாங்கியிருக்க வேண்டும். வருடம் முழுதும் 7-இல் நின்றவன் வாங்கியிருப்பானா என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கணக்கைப் போடுகிற வீடுகளில் இரண்டு விதமான பிழைகளைப் பார்க்கிறேன். ஒன்று, மேலே சொன்ன எடை மயக்கம். பெரிய எண்ணைப் பார்த்ததும் அதன் பின்னால் ஓடுவது. இன்னொன்று, குறைந்த மார்க் மயக்கம். "எதுல ரொம்பக் கம்மியோ அதத்தானே சரி பண்ணணும்?" என்று தாய்மார்கள் கேட்பார்கள். பிரெஞ்சில் 4 வாங்கிய பிள்ளை 9-க்கு ஏறினாலும் கிடைப்பது 25 புள்ளிதான். அதே உழைப்பை ஒரு சிறப்புப் பாடத்தில் இரண்டு மார்க்குக்குச் செலவிட்டிருந்தால் 32. குறைந்த மார்க் கண்ணை உறுத்துகிறது என்பதற்காக அதைத் தேர்ந்தெடுப்பது மானத்தைப் பார்ப்பது, கணக்கைப் பார்ப்பது அல்ல.

இரண்டாம் சுற்றுக்கு ஒரு எல்லை இருக்கிறது. அதைப் பலர் கவனிப்பதில்லை. அந்தச் சுற்றில் என்ன வாங்கினாலும் மான்சியோன் கிடையாது. வாய்மொழியில் அசத்தி 12-ஐத் தாண்டினாலும் வெறும் தேர்ச்சிதான். முதல் சுற்றிலேயே 10 வாங்கியவர், 11.9-இல் நின்றாலும், அஸே பியானுக்காக அந்தச் சுற்றில் உட்கார முடியாது. படியின் விளிம்பில் நிற்பவர்களுக்கு ஜூரி என்னும் தேர்வுக்குழு லிவ்ரேயைப் பார்த்துச் சில புள்ளிகளைச் சேர்ப்பது உண்டு. அது அவர்கள் விருப்பம், உரிமை என்று கேட்க முடியாது. 'ஜூரி கொடுத்துவிடும்' என்று ஒரு வரியை என் தாளில் நான் எழுதுவதே இல்லை.

ஆகவே 12-ஐயோ 14-ஐயோ எட்ட விரும்புகிறவர்கள் தேர்வுக்கு முன்பே கணக்குப் போட வேண்டும். சரியான நேரம் மாதிரி பாக் மார்க் கையில் வரும் நாள். அப்போதும் அதே பெருக்கல்தான். ஆனால் ஒரு புதிய கேள்வி சேர்கிறது: இன்னும் எந்த எடை அசையும்?

என் தங்கை மகளின் பெண் தெர்மினால் படிக்கும்போது ஜனவரியில் வந்தாள். சிறப்புப் பாடங்கள் பொருளாதாரமும், வரலாறும் புவிசார் அரசியலும் சேர்ந்த பாடமும். மாதிரித் தேர்வு மார்க்கை வைத்துக் கூட்டினால் 1158 வந்தது. 12-க்கு 42 புள்ளி வேண்டும். அவள் அம்மா ஆங்கிலத்துக்கு டியூஷன் வைக்கத் தீர்மானித்திருந்தாள். 14 இருக்கிறது, 16 ஆக்கிவிடலாம், அவளுக்கு ஆங்கிலம் நன்றாக வரும் என்பது காரணம். நன்றாக வருவது உண்மை. ஆனால் ஆங்கிலத்தின் எடை 6-இல் பாதி பிரமியேரோடு முடிந்துவிட்டது. மீதி 3 எடை தெர்மினாலின் மூன்று பருவங்களுக்கு. அதில் முதல் பருவமும் முடிந்துவிட்டது. பருவத்துக்கு ஒரு எடை என்று பார்த்தால் அசையக்கூடியது 2 எடை மட்டும். இரண்டு மார்க் ஏற்றினால் 4 புள்ளி. நான்கு புள்ளிக்கு மூன்று மாத டியூஷன்! தத்துவத்தில் அரை மார்க் ஏறினாலே அந்த 4 புள்ளி வந்துவிடும்.

எல்லாவற்றையும் இப்படித் தட்டிப் பார்த்தோம். பிரெஞ்சு இரண்டும் முடிந்த கதை. விட்டுவிட்ட சிறப்புப் பாடத்தின் 8 எடையும் முடிந்த கதை. வகுப்பு மதிப்பெண்ணில் கொசுறுதான் மிச்சம். முழுதாக அசைவது நான்குதான்: இரண்டு சிறப்புப் பாடம், தத்துவம், கிராந்தோரால். ஆக 100-இல் 50 எடை. வீட்டில் பேச்சு முழுதும் அசையாத மற்ற 50-ஐப் பற்றியே நடந்துகொண்டிருந்தது.

அந்த நான்கிலும் மலிவானது கிராந்தோரால் என்பது என் எண்ணம். அங்கே மாணவரே முன்கூட்டி இரண்டு கேள்விகளைத் தயாரித்து வைத்திருக்கிறார். அவற்றில் ஒன்றைத் தேர்வுக்குழு தேர்ந்தெடுக்கிறது. முதல் பத்து நிமிடம் அதற்கு விடை சொல்ல வேண்டும், அடுத்த பத்து நிமிடம் குழுவின் கேள்விகள். முதல் பாதியில் வினாத்தாள் வீட்டிலேயே இருப்பதுபோலத்தான். பத்து எடைக்கு இதைவிட எளிய வழி அந்தத் தேர்வில் எங்கும் இல்லை. ஆனாலும் பிள்ளைகள் கேள்விகளைக் கடைசி வாரத்தில்தான் எழுதுகிறார்கள். மாதிரியில் இவளுக்கு 11. காரணம், எழுதியதை மனப்பாடமாக ஒப்பித்தாள், குழு குறுக்கே கேட்டதும் தடுமாறினாள். அதைத் திருத்தத் தினமும் அரைமணி போதும். கேள்வி கேட்க ஒரு கிழவன் வேண்டும், அதற்கு நான் இருக்கிறேன்.

எழுதி வைத்த திட்டம் இதுதான். கிராந்தோராலில் 11-லிருந்து 13, அதாவது 20 புள்ளி. தத்துவத்தில் 8-லிருந்து 10, அதாவது 16. பொருளாதாரத்தில் 11-லிருந்து 12, அதாவது 16. ஆக 52. தேவை 42, கையிருப்பு 10. தத்துவத்தில் இன்னும் ஒரு மார்க் வைத்து 44-ஐக் காட்டினால் பொருளாதாரத்தைத் தொடாமலே முடித்துவிடலாமே என்று கேட்டாள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. மாதிரி மார்க் என்பதே ஊகம். இரண்டு புள்ளி உபரியோடு தேர்வு அறைக்குள் போனால் எந்தப் பாடத்திலும் அரை மார்க்கூடச் சறுக்க முடியாது.

இந்தத் திட்டங்கள் கெட்டுப்போவது இன்னொரு இடத்தில். ஏற்ற நினைக்கும் பாடத்துக்கு நேரம் எங்கிருந்து வருகிறது என்று யாரும் எழுதி வைப்பதில்லை. 13-இல் நிற்கும் வரலாற்றிலிருந்து நேரத்தை எடுத்தால் அது 12-க்கு இறங்கும். உடனே 16 புள்ளி போயிற்று. தத்துவத்தில் அரும்பாடுபட்டு ஏற்றிய இரண்டு மார்க்கும் அதற்கே சரி. ஆகவே தாளில் ஏற்றும் பாடங்களோடு 'தொடக்கூடாத பாடம்' என்று ஒன்றையும் எழுத வைத்தேன். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் அதற்கு உண்டோ அது குறையக்கூடாது. நேரம் ஆங்கில டியூஷன் ரத்தானதிலிருந்துதான் வந்தது.

முடிவில் கிராந்தோராலில் 14, திட்டத்தைவிட ஒன்று கூட. தத்துவத்தில் 9 மட்டும், திட்டத்தைவிட ஒன்று குறைவு. பொருளாதாரத்தில் 12. வரலாறு 13-லேயே நின்றது. 30-ம் 8-ம் 16-ம் சேர்ந்து 54. 1212 புள்ளி, 12.12. வரலாற்றில் ஒரு மார்க் இறங்கியிருந்தால் 1196, அதாவது 11.96; அஸே பியான் கை நழுவி ஜூரியின் தயவுக்குக் காத்திருந்திருப்பாள்.

பிரெஞ்சு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் கடற்கரை நடையில் என்னை விடாமல் கண்டிக்கிறார். "படிப்பை மளிகைக் கடைக் கணக்காக ஆக்கிவிட்டீர். பிள்ளைக்குத் தத்துவம் ஏன் படிக்கிறோம் என்று சொல்லாமல் எட்டுப் புள்ளி என்று சொல்கிறீர்." அவர் சொல்வதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். பிரமியேர் சேர்ந்த அன்றே இந்தத் தாளைக் கையில் கொடுத்தால் அது கெடுதல்தான். எடை குறைந்த பாடத்தை அன்றைக்கே கைவிட்டுவிடுவார்கள். தமிழை இரண்டாம் மொழியாக எடுத்த பிள்ளைகள் 'ஆறு எடைதானே' என்று அதைத் தள்ளிவைப்பதைப் பார்க்கிறேன், மனசு பொறுக்கவில்லை. அதனால் மாதிரித் தேர்வுக்கு முன் யார் வந்தாலும் கணக்குப் போட மாட்டேன்.

மறு பாதியை ஒத்துக்கொள்ள மாட்டேன். எடையைப் போட்டவன் நானல்ல, அமைச்சகம். வசதியான வீட்டுப் பிள்ளைக்கு இதைச் சொல்லிக்கொடுக்க அண்ணனோ மாமாவோ பாரிசில் இருக்கிறார்கள். எதிர்வீட்டுப் பையனின் அப்பா தமிழ் மீடியத்தில் படித்தவர். கோயெஃபிசியான் என்ற சொல்லையே அன்றுதான் முதலில் கேட்டார். விதி எழுதப்பட்டிருக்கிறது, ஆனால் அது இவருக்குத் தெரியாத பாஷையில் எழுதப்பட்டிருக்கிறது. அதை வாசித்துச் சொல்வதில் தத்துவத்துக்கு என்ன இழுக்கு வந்துவிடும்? முப்பத்தைந்து வருடம் அரசாங்க நாற்காலியில் உட்கார்ந்து நான் செய்ததும் பெரும்பாலும் இதுதான்: மனு கொடுக்க வந்தவருக்கு எந்த விதி அவருக்குச் சாதகம் என்று எடுத்துச் சொல்வது. நண்பர் இதற்குப் பதில் சொல்லாமல் காந்தி சிலையைச் சுற்றித் திரும்பிவிடுவார். மறுநாள் மறுபடி ஆரம்பிப்பார்.

2027-இல் தெர்மினால் முடிப்பவர்களுக்கு எடைகள் மாறுகின்றன. பிரமியேரிலேயே கணிதத்தில் ஒரு தேர்வு வந்திருக்கிறது, அதற்கு 2 எடை. அந்த இரண்டையும் கிராந்தோராலிலிருந்து எடுத்து, அதை 10-லிருந்து 8 ஆக்கியிருக்கிறார்கள். மேலே கிராந்தோராலுக்கு நான் போட்ட பத்துப் பெருக்கல் அவர்களுக்குச் செல்லாது. என்னிடம் வருகிறவர்கள் அக்கா, அண்ணனின் பழைய தாளைக் கொண்டுவராமல், அந்த வருடத்து எடைப் பட்டியலையும் மூன்று பருவ லிவ்ரேயையும் கொண்டுவரவும். மாலை ஐந்துக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன்.